எச்-4 இடைவெளியை ரெஸ்யூமில் எழுதும்போது செய்யக் கூடாதவை

போன மாதம் மட்டும் மூன்று ரெஸ்யூம்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. மூன்றும் டல்லாஸ் பக்கம் இருக்கும் நம் ஊர்ப் பெண்களுடையவை. கணவரின் எச்-1பி விசாவோடு எச்-4-இல் வந்து, வேலை அனுமதி அட்டைக்காக, அதாவது இஏடிக்காக, வருடக்கணக்கில் காத்திருந்து இப்போது வேலை தேடுகிறவர்கள். நானும் அப்படிக் காத்திருந்தவள்தான். மார்ச் 2021 முதல் ஜூன் 2023 வரை, மொத்தம் 28 மாதம். சென்னையில் ஆறு வருடம் ஜாவா எழுதிவிட்டு வந்தவள். இப்போது எங்கள் அணிக்கு ஆள் எடுக்கும்போது மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்கிறேன். எழுத்துப்பிழை, பழைய போட்டோ பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

இல்லாத ஃப்ரீலான்ஸ் வேலையை எழுதுவது

மூன்றில் இரண்டு ரெஸ்யூம்களில் அந்த வரி இருந்தது: "ஃப்ரீலான்ஸ் கன்சல்டன்ட், 2022 முதல் 2024 வரை". பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது, காரணம் என் முதல் ரெஸ்யூமிலும் அதே வரி இருந்தது. இடைவெளி தெரியாமல் இருக்க எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்று ஒரு தோழி சொன்னாள். போட்டேன். இன்டர்வியூ நன்றாகவே போனது, ஆஃபரும் வந்தது. அப்புறம் பின்னணிச் சரிபார்ப்பு நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல்: அந்த ஃப்ரீலான்ஸ் காலத்துக்கு வாடிக்கையாளர் பெயர், தொடர்பு எண், இன்வாய்ஸ் அல்லது 1099 படிவம் அனுப்பவும். என்னிடம் எதுவும் இல்லை. பழைய சென்னை மேனேஜருக்கு இரண்டு தடவை ஒரு பிழையைக் கண்டுபிடித்துக் கொடுத்ததுதான் நான் செய்த 'கன்சல்டிங்'. உண்மையைச் சொன்னேன். நான்கு நாளில் ஆஃபரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

வேலை போனதுகூடப் பெரிதில்லை. எங்கள் வழக்கறிஞரிடம் இதைச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "அந்த ரெஸ்யூம் யார் யார் கையில் இருக்கிறது?" என்றுதான். இஏடி இல்லாத எச்-4-இல் இருப்பவர் அமெரிக்காவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. 28 மாதம் ஃப்ரீலான்ஸ் செய்தேன் என்று எழுதினால், 28 மாதம் அனுமதியில்லாமல் வேலை பார்த்தேன் என்று நானே எழுதிக் கொடுத்ததாகிவிடும். கிரீன் கார்டு கடைசிக் கட்டத்தில் நிரப்பும் ஐ-485 படிவம், அனுமதியின்றி எப்போதாவது வேலை செய்தீர்களா என்று நேரடியாகக் கேட்கிறது. வேலை வழியாக வரும் விண்ணப்பங்களில் மொத்தம் 180 நாள் வரையிலான மீறலை மன்னிக்கச் சட்டத்தில் இடமுண்டு. 28 மாதம் அதற்குள் அடங்காது. சரி, "நான் நிஜமாகச் செய்யவில்லை, சும்மா எழுதினேன்" என்றால் ரெஸ்யூமில் பொய் சொன்னவள் ஆகிறேன். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து. நாளைக்கு ஒரு கம்பெனி எனக்கென்று எச்-1பி போட்டால், அதே ரெஸ்யூம் அவர்கள் வழக்கறிஞரின் கோப்பில்தான் போய் உட்காரும்.

இந்தியக் கம்பெனிக்கு இங்கிருந்தே வேலை பார்த்து, சம்பளத்தை அங்கே வங்கியில் வாங்கிக்கொண்டால் பரவாயில்லையா என்று ஒருத்தி கேட்டாள். வேலை நடக்கும் இடம் அமெரிக்கா, அதனால் வழக்கறிஞர்கள் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்வார்கள். இலவசமாகச் செய்தாலும் கவனம் தேவை. சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையை ஒரு கம்பெனிக்குச் சும்மா செய்து கொடுப்பது தன்னார்வத் தொண்டில் சேராது.

அப்படியானால் என்ன எழுதுவது? நடந்ததை எழுதலாம். சென்னை வேலைக்கு மேலே, அதே எழுத்து அளவில், "மார்ச் 2021 – ஜூன் 2023: அமெரிக்காவுக்குக் குடிபெயர்வு, வேலை அனுமதிக்காகக் காத்திருந்த காலம்" என்று ஒரு வரி. அதன்கீழே இரண்டே இரண்டு வரிகளில், அந்தக் காலத்தில் கையால் செய்த வேலை. என் இரண்டாவது ரெஸ்யூம் அப்படித்தான் இருந்தது. அதைப் படித்துவிட்டு விசாவைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

படித்ததைப் பட்டியல் போடுவது

அந்த இரண்டு வரியில் எதைப் போடுவது என்பதில்தான் அடுத்த சறுக்கல். பதினான்கு ஆன்லைன் கோர்ஸ்களை வரிசையாகப் போட்டிருந்தாள் ஒருத்தி. வீடியோ ஓடியது என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான்.

நான் செய்தது சின்ன வேலை. அப்பாவின் குரோம்பேட்டை அடுக்ககத்துப் பராமரிப்புக் கணக்கை மாதிரியாக வைத்து, பழகுவதற்காக ஸ்பிரிங் பூட் 2.7-இல் ஒரு புராஜெக்ட் எழுதி வைத்திருந்தேன். நவம்பர் 2022-இல் ஸ்பிரிங் பூட் 3 வந்தது. அதற்கு ஜாவா 17 கட்டாயம், போதாததற்குப் பாக்கேஜ் பெயர்களும் மாறிவிட்டன:

```java
import javax.persistence.Entity;    // 2.7
import jakarta.persistence.Entity;  // 3.0
```

`javax` எல்லாவற்றையும் `jakarta` என்று ஒரே அடியாக மாற்றினேன். பில்ட் உடைந்தது. `javax.sql.DataSource` என்பது ஜாவாவோடு வருவது, அது பெயர் மாறவில்லை. அடுத்து, பாதுகாப்பு அமைப்புக்கு நான் நம்பியிருந்த `WebSecurityConfigurerAdapter` வகுப்பையே எடுத்துவிட்டிருந்தார்கள். அதை `SecurityFilterChain` முறைக்கு மாற்றி எழுத, சமையலுக்கு இடையே, ஒரு வாரம் ஆனது. ஒவ்வொரு திருத்தமும் தனித்தனி கமிட்டாக கிட்ஹப்பில் இருந்தது, ஏன் மாற்றினேன் என்ற குறிப்போடு.

இன்டர்வியூவில் இதைப் படித்தவர் கேட்ட முதல் கேள்வி: "மாற்றும்போது எது உடைந்தது?" பதினைந்து நிமிடம் அதையே பேசினோம். அவர்கள் அணியும் அப்போது அதே மாற்றத்தின் நடுவில் திண்டாடிக்கொண்டிருந்தது.

இப்போது நானும் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன். நிஜமாகச் செய்தவர் உடைந்த இடத்தைச் சொல்வார். பார்த்துப் பழகியவர் புதிய வசதிகளின் பட்டியலை ஒப்பிப்பார். கிட்ஹப்பில் இன்னொன்றும் தெரிந்துவிடும்: மொத்தக் கோடும் விண்ணப்பத்துக்கு முந்தைய இரவு ஒரே கமிட்டாக ஏறியிருந்தால், நான் அதைத் திறப்பதோடு சரி.

மாதத்தை மறைத்து வருடம் மட்டும் போடுவது

சரிபார்ப்புப் படிவம் மாதத்தைக் கேட்கும். பிரயோஜனமில்லை.

காத்திருந்த கதையை முழுக்கச் சொல்வது

"என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டால், ஐ-140 எப்போது அப்ரூவ் ஆனது, பயோமெட்ரிக்ஸ் எப்போது, அட்டை எந்தத் தபாலில் தொலைந்தது என்று ஐந்து நிமிடம் போகிறது பேச்சு. எனக்கு அந்த வேதனை புரியும், என்னோடு இன்டர்வியூ எடுக்கும் மற்ற இரண்டு பேருக்குப் புரியாது. குடிபெயர்ந்தேன், அனுமதிக்குக் காத்திருந்தேன், இப்போது அனுமதி இருக்கிறது. அங்கே நிறுத்திவிட்டு, புராஜெக்டுக்குத் தாவிவிடுங்கள்.

இஏடி கைக்கு வருமுன் சேரும் தேதி கொடுப்பது

விண்ணப்பிக்கலாம், இன்டர்வியூ போகலாம். அட்டை வராமல் ஒரு நாள்கூட வேலை தொடங்க முடியாது.