நாடி பார்க்க மணிக்கட்டா, கழுத்தா? அழுத்துவதில் நடக்கும் தவறு

காலை நடைக்குப் போகும் பூங்காவில் அறுபத்திரண்டு வயதுப் பெரியவர் ஒருவர். சர்க்கரை உண்டு. நான் பல வருடம் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ் என்று தெரிந்ததும் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எவ்வளவு வேகமா நடந்தாலும் நாடி 90-ஐத் தாண்ட மாட்டேங்குதும்மா. இன்னும் வேகம் கூட்டணுமா?" என்று கேட்டார். எப்படிப் பார்க்கிறீர்கள், காட்டுங்கள் என்றேன்.

கட்டைவிரலைத் தொண்டையின் ஒரு பக்கத்திலும் மற்ற விரல்களை மறுபக்கத்திலும் வைத்து, சொம்பின் கழுத்தைப் பிடிப்பது போலப் பிடித்தார். தாடைக்குச் சற்றுக் கீழே, அழுத்தமாக. நான் ஏற்கெனவே அவருடைய இடது மணிக்கட்டில் விரல் வைத்திருந்தேன். அவர் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. கழுத்தைப் பிடிப்பதற்கு முந்தைய 15 நொடியில் 19 துடிப்பு, அதாவது நிமிடத்துக்கு 76. அவர் கழுத்தைப் பிடித்ததும் என் விரலுக்கடியில் நாடி தளர ஆரம்பித்தது. இடைவெளி நீண்டுகொண்டே போனது. அடுத்த 15 நொடியில் பதினாறுதான். "போதும், கையை எடுங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அவர் தப்பாக எண்ணவில்லை. அந்த நேரத்தில் இதயமே உண்மையாகத்தான் மெதுவாக ஓடியது. அளக்கப் போன விரலே அளவை மாற்றிவிட்டது. நடை முடிந்ததும் அவருக்குக் குறைவான எண் கிடைத்து வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனிகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் தொண்டையில் துருத்தித் தெரியும் மேட்டின் மேல்விளிம்பை ஒட்டி இரண்டாகக் கிளை பிரியும். பிரியும் இடத்தில் சற்று உப்பலான ஒரு பகுதி உண்டு. கரோட்டிட் சைனஸ் என்பார்கள். ரத்த அழுத்தம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கண்காணிக்கும் நரம்பு முனைகள் அங்கே இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் தமனிச் சுவர் விரியும், நரம்பு மூளைத்தண்டுக்குத் தகவல் அனுப்பும். உடனே வேகஸ் நரம்பு வழியாக இதயத்துக்கு 'மெதுவாகப் போ' என்று கட்டளை வரும்; ரத்தக்குழாய்களும் தளரும். நாம் வெளியிலிருந்து விரலால் அழுத்தினாலும் அந்த முனைகளுக்கு வித்தியாசம் தெரியாது. அழுத்தம் ஏறிவிட்டது என்று நினைத்து இதயத்தை அடக்கிவிடும். கரோட்டிட் என்ற பெயரே 'மயங்கச் செய்வது' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பெயர் வைத்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

இளம் வயதில் சில துடிப்பு குறைவதோடு போய்விடும். வயதானவர்களில், அதிலும் ஆண்களில், சிலருக்கு இந்த இடம் மிகையாகக் கூருணர்வு கொண்டிருக்கும். லேசான அழுத்தத்திலேயே இதயம் மூன்று நொடிக்கு மேல் நின்று தொடரலாம், அல்லது மேல் ரத்த அழுத்தம் 50 புள்ளிக்கு மேல் இறங்கலாம். நின்றுகொண்டிருப்பவர் சரிந்து விழ அது போதும். இன்னொரு ஆபத்து தமனியின் உட்சுவரில் கொழுப்புப் படிவு இருப்பவர்களுக்கு. கிளை பிரியும் இடம்தான் படிவு சேரப் பிடித்த இடம். அங்கே அழுத்தித் தேய்த்தால் ஒரு துணுக்கு பெயர்ந்து மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனால் நாடி எண்ணுவதற்காக ஏற்க வேண்டிய அபாயம் அல்ல. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்தால் மூளைக்குப் போகும் ரத்தமும் குறையும். பெரியவரின் பிடியில் எல்லாத் தவறும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

சில வகை வேகத் துடிப்பை அடக்க மருத்துவர்கள் இந்த இடத்தை வேண்டுமென்றே அழுத்துவது உண்டு. ஈசிஜி ஓடிக்கொண்டிருக்க, ஸ்டெதஸ்கோப்பால் கழுத்தில் இரைச்சல் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்த பிறகு, ஒரு பக்கம் மட்டும், சில நொடிகள். அவர்களே அத்தனை ஏற்பாட்டோடு செய்வதை நாம் பூங்கா பெஞ்சில் தினமும் செய்துகொண்டிருக்க வேண்டாம்.

வீட்டில் பார்க்க மணிக்கட்டு போதும். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, கட்டைவிரலின் அடியிலிருந்து முழங்கைப் பக்கம் வாருங்கள். மணிக்கட்டு ரேகையைத் தாண்டியதும், ஓரத்து எலும்புக்கும் நரம்பு போல் விறைத்துத் தெரியும் தசைநாணுக்கும் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை அதில் வரிசையாக வையுங்கள். சித்த வைத்தியர் நாடி பிடிக்கும்போது வைக்கும் அதே மூன்று விரல்கள்தான். கட்டைவிரல் வேண்டாம், அதில் உங்கள் துடிப்பே பலமாகத் தெரியும், யாருடையதை எண்ணுகிறீர்கள் என்று குழம்பிவிடும். துடிப்பு கிடைக்கவில்லை என்றால் பலரும் இன்னும் அழுத்துவார்கள். அழுத்தினால் தமனி மூடி, இருந்ததும் மறைந்துவிடும். விரலைத் தளர்த்தினால்தான் கிடைக்கும். இங்கே தவறி அழுத்தினாலும் கெடுதல் இல்லை, கைக்குச் சுண்டுவிரல் பக்கமாக இன்னொரு தமனியும் ரத்தம் கொண்டுவருகிறது.

ஓய்வில் இருக்கும்போது 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். தாளம் தப்பி வந்தால் முழு நிமிடம் எண்ண வேண்டும். அது அடிக்கடி நடந்தால் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். நடையை நிறுத்திய உடனே பார்ப்பதென்றால் 15 நொடிதான், நான்கால் பெருக்க வேண்டும். நின்ற ஒரு நிமிடத்துக்குள்ளேயே துடிப்பு நன்றாக இறங்கிவிடும் என்பதால் அப்போது தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. இடத்தை முன்பே பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

சிலருக்கு மணிக்கட்டில் நிஜமாகவே கிடைக்காது. அப்போது கழுத்தில் பார்க்கலாம், ஆனால் உட்கார்ந்துகொண்டு, ஒரே பக்கத்தில். தொண்டை மேட்டுக்குக் கீழே, மூச்சுக்குழாய்க்கும் பக்கத்துத் தசைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் இரண்டு விரல் நுனியை வைத்தால் போதும், அழுத்தவே தேவையில்லை. தாடைக்கு அடியில் போகவே கூடாது, சைனஸ் அந்தப் பக்கம்தான். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களும், கழுத்துத் தமனியில் அடைப்பு என்று சொல்லப்பட்டவர்களும் இதையும் விட்டுவிடலாம்.

ஒருவர் மயங்கி விழுந்தால் கழுத்தில்தானே பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். ரத்த அழுத்தம் சரியும்போது மணிக்கட்டு நாடி மறைந்துவிடும் என்பதால், பயிற்சி பெற்றவர்கள் கழுத்தில் பார்ப்பார்கள், அதுவும் பத்து நொடிக்குள். மற்றவர்கள் நாடி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆள் அசைவில்லை, மூச்சு இல்லை அல்லது திக்கித் திணறி வருகிறது என்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நடு மார்பில் அழுத்தத் தொடங்கிவிட வேண்டும்.

பெரியவரிடம் அப்புறம் ஒன்று கேட்டேன்: ஷேவ் செய்யும்போதோ, சட்டைக் காலர் இறுக்கமாக இருக்கும்போதோ, சட்டென்று தலையைத் திருப்பும்போதோ கண் இருட்டிக்கொண்டு வந்ததுண்டா? கொஞ்சம் யோசித்தார். "முடி வெட்டுற இடத்துல துண்டை இறுக்கிக் கட்டினப்போ ரெண்டு தடவை வந்திருக்கு. வெயில்ல போனதாலன்னு நினைச்சேன்." அதை அப்படியே உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள் என்றேன்.