தாத்தாவின் கேசட்டிலிருந்து கீர்த்தனை கற்பது எப்படி?

அப்பா காலமான மறுவருடம், கோத்தகிரி வீட்டுப் பரணில் அவருடைய கேசட் பெட்டி கிடைத்தது. எட்டு வயது மகள் அதிலிருந்து ஒரு கீர்த்தனையைக் கற்றுக்கொண்டாள். எப்படிச் செய்தோம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பூஞ்சை

ஐப்பசி மழைக்கு எங்கள் வீட்டுச் சுவரே வியர்க்கும், கேசட் தப்புமா? நாடாச் சுருளில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அப்படியே ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, பென்சிலால் மெதுவாகச் சுற்றி, முன்பக்கத் திறப்பில் நாடாவை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தோம். ஒரு மாலை முழுக்க ஆனது.

படி 2: கணினியில் ஏற்றுவது

பிளேயரின் இயர்போன் துளையிலிருந்து கணினியின் லைன்-இன்னுக்கு ஒரு வயர் போதும். லேப்டாப்பில் அது இல்லையென்றால் சின்ன யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு வாங்குங்கள். Audacity இலவசம். மீட்டர் சிவப்பைத் தொடாமல் பதிந்து, WAV ஆகச் சேமியுங்கள்.

படி 3: சுருதி

இங்கேதான் நான் ஏமாந்தேன். பதிவைப் போட்டதும் மகள், "தாத்தா குரல் இப்படி இருக்காதே" என்றாள். குரல் கீச்சென்று இருந்தது, பாட்டும் ஓடியது. அப்பாவின் ஆர்மோனியம் இன்னும் வீட்டில் இருக்கிறது. அவர் எப்போதும் 1 கட்டையில்தான் பாடுவார். கேசட்டில் கேட்பதோ 2 கட்டை! பேட்டரி தீர்ந்துகொண்டிருந்த டேப் ரெக்கார்டரில் பதிந்திருக்கிறார். பதியும்போது நாடா மெதுவாக நகர்ந்தால், சரியான வேகத்தில் ஓட்டும்போது குரல் உயரும், பாட்டும் வேகமாகும்.

Effect பட்டியலில் Change Speed and Pitch எடுத்து, Percent Change பெட்டியில் -10.9 கொடுத்தேன். 2 கட்டை 1 கட்டைக்கு இறங்க அதுதான் கணக்கு. Change Pitch எடுக்காதீர்கள். அது சுருதியை மட்டும் இறக்கும், பாட்டு ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆர்மோனியத்தோடு சேர்த்துக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பேட்டரி போகப்போக இறங்கும் என்பதால் ஒவ்வொரு பாட்டையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

படி 4: கற்பது

நகல் ஒன்று எடுத்து, Change Tempo-வில் -20 கொடுங்கள். சுருதி மாறாமல் நிதானமாகும். பல்லவியை வரிவரியாகக் கேட்டுப் பாடட்டும். அப்புறம் சரணம்.

மூன்றாம் நாள் மகள் "கிரு" என்று பாடி, மூச்சு வாங்கி, "பை" என்றாள். அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் இளைப்பு. அதையும் பாட்டு என்றே எடுத்துக்கொண்டிருக்கிறாள். "தாத்தா மாதிரிதானே பாடணும்?" என்று வேறு கேட்டாள். கீர்த்தனைப் புத்தகத்தை எடுத்து, சொல் முடியும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டு, அங்கே மட்டும் மூச்சு வாங்கச் சொன்னேன். குழந்தைக்குக் கேசட்டைத் தரும்போதே இதையும் செய்துவிடுங்கள்.

கோவிலில் இப்போது சரியாகவே பாடுகிறாள். வீட்டு ஜெபத்தில் மட்டும் "கிரு" என்று நிறுத்துகிறாள். நான் திருத்த வாயெடுத்தால் அம்மா முறைக்கிறார்.