ஆன்டாசிட் மாத்திரையைப் பின்தரம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாத்திரையில் அளவு தெரிந்த அமிலத்தை மிகையாகச் சேர்த்து, மாத்திரை நடுநிலையாக்கியது போக மிஞ்சிய அமிலத்தை, பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் காரத்தைச் சொட்டவிட்டு அளப்பதே பின்தரம் பார்த்தல். மதுரையில் இளநிலை வேதியியல் மாணவர்களுக்கு இந்தச் செய்முறையைச் சொல்லித்தரும்போது, நாங்கள் படித்த காலத்துத் தவறுகளே ஒவ்வோர் ஆண்டும் திரும்பி வருவதைப் பார்க்கிறேன். பியூரெட்டைக் கழுவாததைப் போன்றவற்றை அவர்களே விரைவில் திருத்திக்கொள்வார்கள் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

நுரை நின்றதும் தரம் பார்க்கத் தொடங்குவது

கால்சியம் கார்பனேட் மாத்திரையில் அமிலத்தை ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். நுரை அடங்கியதும் வாயு முழுவதும் வெளியேறிவிட்டது என்று எண்ணி, மாணவர்கள் உடனே பியூரெட்டைத் திறந்துவிடுகிறார்கள். திறந்து வைத்த கோலி சோடா நுரை அடங்கிய பிறகும் நாக்கில் சுறுசுறுப்பதுபோல, கார்பன் டை ஆக்சைடு கரைசலுக்குள் கரைந்தே இருக்கிறது. பினாப்தலீன் நிறம் மாறும் நிலைக்கு வருவதற்குள் அதுவும் சோடியம் ஹைட்ராக்சைடைச் செலவழித்துவிடும். அந்தச் செலவு மிஞ்சிய அமிலத்தின் கணக்கில் சேர்வதால், மாத்திரை குறைவாக வேலை செய்ததாக விடை வரும்.

மேலமாசி வீதி மருந்துக்கடையில் வாங்கிய, 500 மி.கி. கால்சியம் கார்பனேட் என்று அச்சிட்ட மாத்திரையை ஒரு மாணவர் பொடித்து, 0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 40 மி.லி. சேர்த்தார், அதாவது 20 மில்லிமோல் அமிலம். அதே செறிவுள்ள காரம் அவருக்கு 22 மி.லி. செலவாயிற்று. மிஞ்சியது 11, மாத்திரை நடுநிலையாக்கியது 9 மில்லிமோல் என்று கணக்கிட்டு, மாத்திரையில் 450 மி.கி. தான் உள்ளது, மருந்து தரமற்றது என்று பதிவேட்டில் எழுதிவிட்டார். நம் பிழையை மருந்தின் மேல் ஏற்றும் இந்த முடிவுதான் எனக்கு இன்றும் எரிச்சல் தருகிறது.

குடுவையே அவருக்கு எச்சரித்திருந்தது. கரைந்த வாயு நீரோடு சேர்ந்து அமிலமாவதற்குச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால், சொட்டு விழுந்ததும் கரைசல் இளஞ்சிவப்பாகி, சில நொடிகளில் வெளுத்து, அடுத்த சொட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்படி நிறம் ஓடி ஒளிந்தால் வாயு இன்னும் உள்ளே இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

மறுநாள் இன்னொரு மாத்திரையை எடுத்து, குடுவையின் வாயில் சிறு புனலை வைத்து, ஐந்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறிய பிறகு தரம் பார்க்கச் சொன்னேன். சித்திரை வெயிலில் குழாய்த் தண்ணீரே சூடாக இருந்ததால், ஆற்றுவதற்கு ஐஸ் தேவைப்பட்டது. இம்முறை 20.1 மி.லி. செலவாகி, நிறம் அரை நிமிடம் நிலைத்தது; விடை 9.95 மில்லிமோல், ஏறத்தாழ 498 மி.கி. மாத்திரை இல்லாத 40 மி.லி. அமிலத்தையும் இதேபோல் கொதிக்கவைத்துத் தரம் பார்த்தால், கொதியில் அமிலம் ஆவியாகிப் போனதா என்பதும் தெரிந்துவிடும்.

மாத்திரையை முழுதாகப் போடுவது

பொடித்துப் போடுங்கள்.

அமிலம் போதாமல் போவது

காரத்தின் முதல் மில்லிலிட்டருக்குள்ளேயே நிறம் வந்துவிட்டால், அமிலம் மிஞ்சவில்லை. அளவைக் கூட்டிப் புதிதாகத் தொடங்குங்கள்.

அலுமினிய மாத்திரைக்கும் பினாப்தலீன்

அலுமினியம் ஹைட்ராக்சைடு உள்ள மாத்திரையில், பினாப்தலீன் சிவப்பதற்கு வெகு முன்னரே அலுமினியம் வெண்மையாக வீழ்படிந்து காரத்தை விழுங்கத் தொடங்கும். அதற்கு pH 3.5-இல் நிறுத்தும் முறையே சரி. pH மீட்டர் கிடைக்காத இடத்தில் புரோமோபீனால் நீலம் போதும்.