'செட்டில்டு' விழுந்த சிபில் ஸ்கோர் எப்போது எழும்?

வேளச்சேரியில் ஒருவர் 2 லட்சம் லோன் பாக்கிக்கு வங்கியோடு பேசி 1.2 லட்சம் மட்டும் கட்டி முடித்துக்கொண்டார் என்று வையுங்கள். சிபில் ரிப்போர்ட்டில் அது 'Settled' என்றே நிற்கும். அடுத்து லோன் கேட்டால் வங்கி தயங்குவது அதைப் பார்த்துத்தான். முடிந்தால் மிச்ச 80,000-ஐயும் கட்டி, நோ டியூஸ் சான்றிதழ் வாங்கி, 'Closed' என மாற்றச் சொல்லுங்கள். மாறாவிட்டால் சிபில் தளத்தில் புகார் செய்யுங்கள். 30 நாளில் தீர்க்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனாலும் பழைய தாமதங்களின் பதிவு இதனால் அழியாது.

அடுத்து, ஸ்கோரை ஏற்ற 25,000 ரூபாய் எஃப்டி மேல் ஒரு கிரெடிட் கார்டு வாங்குங்கள். லிமிட் 20,000 என்றால் மளிகை, பெட்ரோலுக்கு 5,000-க்குள் செலவழித்து, பில்லை முழுசாகக் கட்டுங்கள். மினிமம் மட்டும் கட்டினால் வட்டி ஏறும், பாக்கியும் ரிப்போர்ட்டில் தெரியும். ஆறு மாதத்தில் ஸ்கோரில் அசைவு தெரியலாம். சாதாரண லோனுக்கு இரண்டு வருடமாவது பொறுங்கள். அதுவரை நாலைந்து வங்கியில் விண்ணப்பித்துப் பார்க்காதீர்கள், ஒவ்வொன்றும் பதிவாகும்.