வட்டி ஏறியது, EMI ஏறவில்லை: உங்கள் வீட்டுக் கடனில் என்ன நடக்கிறது?

ஃப்ளோட்டிங் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கியவர்கள், வட்டி ஏறிய பிறகும் EMI அப்படியே இருந்தால் நிம்மதி அடைகிறார்கள். பெரும்பாலும் வங்கி அந்தச் சுமையைத் தவணைக் காலத்தில் ஏற்றியிருக்கும். அதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

முதலில், எந்த வகைக் கடன் என்று பாருங்கள். ஒப்பந்தத்தில், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதமும் அதன் மேல் உங்கள் வங்கி கூட்டும் ஸ்ப்ரெட்டும் இருந்தால் அது ஃப்ளோட்டிங்; ரெப்போ மாறினால் உங்கள் வட்டியும் மாறும். ஃபிக்ஸட் என்று எழுதியிருந்தால் எத்தனை ஆண்டுக்கு என்று தேடுங்கள். சில ஆண்டுகளில் ஃப்ளோட்டிங்காக மாறும் கடன்களும் ஃபிக்ஸட் என்ற பெயரில்தான் விற்கப்படுகின்றன. பொதுவாக ஃபிக்ஸட்டில் வட்டி சற்று அதிகம். முன்கூட்டி அடைத்தால் கட்டணமும் இருக்கலாம்.

அடுத்து, தவணைக் கணக்கு. கடன் 30 லட்சம், வட்டி 7%, 240 மாதம் என்றால் EMI 23,259 ரூபாய். தொடக்கத்திலேயே வட்டி 9% ஆகி, EMI மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். எக்செல்லில் இதைப் போடுங்கள்:

```
=NPER(9%/12,-23259,3000000)
```

விடை சுமார் 458 மாதம். 20 வருடக் கடன் 38 வருடமாகிவிட்டது! 8% என்றால்கூட 296 மாதம். காரணம், ஆரம்ப ஆண்டுகளில் EMI-யின் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது. 9 சதவீதத்தில் முதல் மாத வட்டி மட்டும் 22,500. அசலில் குறைவது வெறும் 759 ரூபாய்.

இப்போது 9.5% போட்டுப் பாருங்கள். `#NUM!` என்று வரும். மாத வட்டி 23,750. EMI அதைவிடக் குறைவு. கட்டக் கட்டக் கடன் வளரும், ஒருநாளும் முடியாது. இது கற்பனைக் கணக்கு அல்ல: 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4-லிருந்து 6.5% ஆனது, அதாவது 7-லிருந்து 9.5-க்கு ஏறும் இதே இரண்டரை சதவீதம்.

கடைசி 60 மாதம் பாக்கியிருக்கும்போது வட்டி 7-லிருந்து 9% ஆனால் கூடுவது 4 மாதம்தான். அப்போது பதற வேண்டாம்.

பிறகு, வங்கிக்கு எழுதுங்கள். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, EMI-யைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று தேர்ந்தெடுக்க உங்களுக்கு வாய்ப்பு தர வேண்டும். 8 சதவீதத்திலும் 240 மாதமே வேண்டுமென்றால் EMI 25,093 ஆகும். அந்த 1,834 ரூபாய் கூடுதல் முடியாதென்றால், சுமார் 2.19 லட்சத்தை அசலில் கட்டினால் பழைய EMI-யே போதும். தனிநபரின் ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனில் இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கட்டும்போது "EMI-யைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். அடுத்த ஸ்டேட்மென்டில் மீதித் தவணை எண்ணிக்கை உண்மையிலேயே இறங்கியதா என்று பாருங்கள்.