பக்கத்து இருக்கைக்காரரின் உடல் வாடை: அவரிடம் எப்படிச் சொல்வது?

பிரிட்டனுக்கு வந்ததும் வங்கிக் கணக்கு, ஜிபி எனும் குடும்ப மருத்துவரிடம் பதிவு, நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் எல்லாவற்றையும் சில வாரங்களில் முடித்துவிடலாம். நம்மவர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். பக்கத்து மேசைக்காரர் மீது வாடை வந்தால், அவர் இல்லாத நேரம் பார்த்து மேசையில் ஒரு டியோடரண்ட் டப்பாவை வைத்துவிட்டு வருகிறார்கள். ஊரில் இதைக் கிண்டலாக எடுத்துக்கொள்வார்கள் என்று நினைப்பு. அந்த டப்பாவைப் பார்த்தவர் மொத்த அலுவலகமும் தன்னைப் பற்றிப் பேசுவதாக எண்ணிக் கூனிக் குறுகிப்போவார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பேசுவதற்கு முன் அது என்ன வாடை என்று கவனியுங்கள். வெயில் காலத்தில் வருவது பெரும்பாலும் வியர்வை. குளிர்காலத்தில் தினமும் குளிப்பவர் மீதும் வாடை வரும், காரணம் துணி. ஜன்னலைச் சாத்திய அறையில் துணி காய ஒன்றரை நாள் ஆகும்போது பாக்டீரியா பெருகி ஈர வாடை ஏறிவிடும். சமையலறைப் பக்கம் தொங்கும் கம்பளிக் கோட்டில் தாளிப்பு வாடை தங்கிவிடும். நான்கைந்து பேர் சேர்ந்திருக்கும் வீடுகளில் இது சகஜம். உள்ளே இருப்பவரின் மூக்குக்கு அது பழகிப்போவதால் அவருக்குத் தெரியவே தெரியாது.

மாலை கிளம்பும் நேரத்தில் பேசுங்கள். காலையில் சொன்னால் நாள் முழுக்க அதே கூச்சத்தோடு உட்கார்ந்திருப்பார். வெள்ளிக்கிழமை வேண்டாம், இரண்டு நாள் மனதில் போட்டு உழப்புவார். ஸ்டேஷனுக்கு நடக்கும்போது, வேறு யாரும் இல்லாமல், இப்படி: "ஒண்ணு சொல்லணும், எனக்கே சங்கடமாத்தான் இருக்கு. நாலஞ்சு நாளா உங்க கோட்டுல ஒரு ஈர வாடை வருது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. வீட்டுக்குள்ளதான துணி காயப்போடுறீங்க?" அவ்வளவுதான். "எல்லாரும் சொல்றாங்க" என்று மட்டும் சேர்க்காதீர்கள். உண்மையாகவே இருந்தாலும் சொல்ல வேண்டாம், அந்த ஒரு வரிதான் ஆளை உடைத்துவிடும்.

கேட்டால் வழியும் சொல்லுங்கள். கோட்டைப் படுக்கையறை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தலாம், தாளிக்கும்போது ஜன்னலைத் திறக்கலாம். பருத்தித் துணியை, லேபிள் அனுமதித்தால், 60 டிகிரியில் துவைக்கலாம். வியர்வைதான் என்றால், வியர்வையைக் குறைக்கும் ஆன்டிபெர்ஸ்பிரன்ட்டை இரவில், ஈரமில்லாத தோலில் தடவலாம். டியோடரண்ட் வாடையை மட்டும் அடக்கும், வியர்வையை நிறுத்தாது. குளித்தும் துணி மாற்றியும் போகவில்லை என்று அவரே சொன்னால், ஜிபியிடம் காட்டச் சொல்லுங்கள். அதிக வியர்வைக்கும் சில அரிய உடல் வாடைகளுக்கும் மருத்துவக் காரணம் உண்டு. என்ன நோய் என்று நீங்கள் ஊகிக்காதீர்கள்.

அவர் வேறு நாட்டுக்காரர் என்றால் சாப்பாட்டையும் ஊரையும் இழுக்கவே கூடாது. "உங்க ஊர் மசாலா" என்பது 2010 சமத்துவச் சட்டப்படி இனம் சார்ந்த தொல்லையாகக் கருதப்படலாம். புண்படுத்தும் நோக்கம் இல்லை என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது.

மறுநாள் வழக்கம்போல் டீக்குக் கூப்பிடுங்கள், மூக்கைச் சுளித்துச் சோதிக்காதீர்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகும் மாறவில்லை என்றால், மேலாளரிடம் தனியாகச் சொல்லிவிட்டு நீங்கள் விலகிக்கொள்ளுங்கள்.