வீட்டுப்பாடத்தில் ஏஐ படங்கள்: பெற்றோருக்குத் தலைமையாசிரியை கடிதம் எழுதுவது எப்படி?

வீட்டுப்பாட நோட்டில் ஏஐ வரைந்த படத்தை ஒட்டிக்கொண்டு வரும் பிள்ளைகள் நடுநிலை வகுப்புகளிலேயே இருக்கிறார்கள். இதற்கென்று தனியாக எதையும் இறக்கிக்கொள்ளத் தேவையில்லை. அம்மாவின் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் மெட்டா ஏஐ அங்கேயே இருக்கிறது, கேட்டால் படம் போட்டுத் தருகிறது. பல பெற்றோருக்கு அது தங்கள் போனில் இருப்பதே தெரியாது. அவர்களுக்குப் பள்ளியின் விதிகளைச் சொல்லும் கடிதத்தை எப்படி எழுதுவது என்று படிப்படியாகப் பார்ப்போம். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

படி 1: அந்தப் படம் பாடத்தில் என்ன வேலை செய்கிறது?

எழுத உட்காரும் முன், இந்தப் பருவத்தில் கொடுக்கப்போகும் ஒப்படைப்புகளின் பட்டியலை ஒவ்வொரு ஆசிரியரிடமும் வாங்கிக்கொள்ளுங்கள். "ஏஐ படமே கூடாது" என்று ஒரே வரியில் எழுதினால் ஒரு மாதத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள். "பொறுப்பாகப் பயன்படுத்தவும்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. எந்தப் பாடத்துக்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதைப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய முடியும்.

அறிவியல் ஆசிரியர் செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றத்தை வரைந்து பாகம் குறித்து வரச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செம்பருத்தியில் மகரந்தத் தாள்கள் தனித்தனியாக நிற்காது. எல்லாம் ஒன்றுகூடி ஒரே குழலாகிச் சூலகத் தண்டைச் சுற்றி நிற்கும். குழலின் மேல்பகுதியில் மகரந்தப் பைகள் ஒட்டியிருக்கும். அதற்கும் மேலே, நுனியில், ஐந்து சூலகமுடிகள் சின்னச் சின்னக் குமிழ்களாகத் தெரியும். பூவைப் பறித்து நடுவில் கீறிப் பார்த்து வரையும் பிள்ளைக்கு இந்தக் குழல் மறக்காது. ஏஐ கொடுக்கும் படத்திலோ லில்லிப் பூவில் இருப்பதுபோலத் தாள்கள் தனித்தனியாக வந்துவிடுவதுண்டு. பாகம் குறிக்கும் கோடு சூலகத்தில் தொடங்கி வெற்றிடத்தில் முடியும். தமிழில் பெயர் எழுதச் சொன்னால் கொம்பும் காலும் இடம் மாறி, படிக்கவே முடியாத எழுத்தாக வருவதும் உண்டு. படம் அழகாக இருப்பதால் தப்பு கண்ணில் படுவதும் இல்லை. ஆனால் படம் சரியாகவே வந்தாலும் இங்கே அது ஆகாது. பார்த்து வரைவதுதான் பாடம், அந்த வேலையைப் பிள்ளை செய்யவில்லையே!

இரண்டாவது வகை, படம் ஆதாரமாக நிற்கும் பாடங்கள். முளைகட்டிய பயறு மூன்றாம் நாளில் எப்படி இருந்தது, ஊர் ஏரியின் கரை எப்படி இருக்கிறது, தஞ்சைப் பெரிய கோயில் எப்படி இருக்கும் என்பவை எல்லாம் இதில் சேரும். பெரிய கோயிலில் வாயில் கோபுரங்களைவிடக் கருவறை மேலுள்ள விமானம்தான் உயரம். 13 நிலைகள், சுமார் 66 மீட்டர். ஏஐ படத்தில் அந்த விமானத்தின் இடத்தில் மதுரைக் கோபுரம்போல வண்ணம் பூசிய சுதைச் சிற்பங்கள் வந்து நிற்கலாம். அதைப் பார்த்துப் படிக்கும் பிள்ளைக்குச் சோழர் கட்டடக்கலை என்றால் அதுதான் என்று பதிந்துவிடும். அதனால் இங்கே உண்மையான புகைப்படம், இல்லையென்றால் பாடநூலில் உள்ள படம்.

மூன்றாவது வகை அலங்காரம். தமிழ்ப் பாடத்தில் தானே எழுதிய கதைக்கு மேலட்டை, விழிப்புணர்வுச் சுவரொட்டிக்குப் பின்னணி, இப்படி. கதையைப் பிள்ளை எழுதியிருந்தால் அட்டைப் படம் எங்கிருந்து வந்தாலும் பெரிய குறை இல்லை. ஸ்டேஷனரி கடையில் படத் தாள் வாங்கி வெட்டி ஒட்டுவதை நாம் இத்தனை வருடமாக அனுமதித்துத்தானே வருகிறோம். இங்கே ஏஐ படத்தை அனுமதிக்கலாம், அடிக்குறிப்பு இருந்தால்.

படி 2: அடிக்குறிப்பை மாதிரியோடு கொடுங்கள்

"ஏஐ படம் என்று குறிப்பிடவும்" என்று மட்டும் சொன்னால் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், பாதிப் பேர் எழுதவே மாட்டார்கள். எழுத வேண்டிய வரியை நீங்களே கொடுத்துவிடுங்கள். மூன்று விஷயம் போதும்: எந்தச் செயலி, என்ன கேட்டோம், படத்தில் என்ன தப்பு கண்டுபிடித்தோம். மூன்றாவதுதான் முக்கியம். "சிங்கத்துக்கு ஐந்து கால் வந்திருந்தது, மறுபடி கேட்டேன்" என்று எழுதும் பிள்ளை படத்தை ஊன்றிப் பார்த்திருக்கிறது.

படி 3: போட்டோ ஏற்றுவதைத் தனி விதியாக எழுதுங்கள்

இதை மற்ற விதிகளோடு கலக்க வேண்டாம். வகுப்புத் தோழியின் முகத்தையோ ஆசிரியரின் முகத்தையோ ஏஐயிடம் கொடுத்து விளையாட்டாக மாற்றுவது ஒரு பிள்ளையின் பள்ளி வாழ்க்கையையே குலைத்துவிடும். இந்த ஒன்றில் மட்டும் எந்த விதிவிலக்கும் கிடையாது என்று கறாராகவே எழுதுங்கள். சொந்த முகமும் வேண்டாம். குழு போட்டோ, அடையாள அட்டை, பள்ளிப் பெயர் தெரியும் சீருடை எதுவும் வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்றே கணக்கிடுகிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சாட்ஜிபிடியின் சொந்த விதிமுறையே 13 வயதுக்குக் குறைந்தவர்கள் பயன்படுத்தக் கூடாது, 18 வரை பெற்றோர் அனுமதி வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு 11 வயது. ஆகவே பிள்ளை பெயரில் கணக்கு வேண்டாம், பெரியவர் போனில் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் என்று எழுதிவிடுங்கள்.

படி 4: மீறினால் என்ன என்பதைச் சொல்லுங்கள்

"ஏஐ படமா என்று மென்பொருளில் சோதிப்போம்" என்று எழுத ஆசை வரும், எழுதாதீர்கள். சில செயலிகள் படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத அடையாளம் வைக்கின்றன என்பது உண்மைதான். பிரிண்ட் எடுத்து நோட்டில் ஒட்டிவந்த தாளில் ஆசிரியரால் அதைப் பார்க்க முடியாது. கண்டுபிடிக்கும் மென்பொருள்களோ சில நேரம் கையால் வரைந்ததையும் ஏஐ என்று சொல்லிவிடும். நன்றாக வரையும் ஒரு பிள்ளையைத் திருடன் ஆக்குவதைவிட, சந்தேகம் வந்தால் பக்கத்தில் உட்காரவைத்து "இந்தக் குழல் எது, மேலே இருக்கும் குமிழ் எது?" என்று கேட்பது நல்லது. பதில் வராவிட்டால் வகுப்பிலேயே பூவைக் கொடுத்து மறுபடி வரையவைத்தால் போதும்.

படி 5: போன் இல்லாத வீட்டை நினைத்து ஒருமுறை படியுங்கள்

வரைவை முடித்ததும், ஒரே போனை அப்பா வேலைக்கு எடுத்துப்போகும் வீட்டில் இதைப் படித்தால் என்ன தோன்றும் என்று பாருங்கள். "அப்போ நாமும் கடைக்குப் போய் கலர் பிரிண்ட் எடுக்கணுமா?" என்ற கேள்வி வந்தால் கடிதம் தோற்றுவிட்டது. ஏஐ படத்துக்குக் கூடுதல் மதிப்பெண் இல்லை என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

முழுக் கடிதம்

அன்புடைய பெற்றோர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் கேட்டவுடன் படம் வரைந்து தரும் ஏஐ வசதியை நம் பிள்ளைகள் சிலர் வீட்டுப்பாடத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். வாட்ஸ்அப்பில் உள்ள மெட்டா ஏஐ, சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவை இதில் அடங்கும். இது தொடர்பாக 6 முதல் 8ஆம் வகுப்பு வரை நம் பள்ளி பின்பற்றும் விதிகள் இவை.

1. "வரைக", "பாகம் குறிக்க" என்று கொடுத்த பாடத்தில் பிள்ளை தன் கையால் வரைய வேண்டும். படம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. பாகங்கள் சரியாக இருப்பதற்கே மதிப்பெண்.

2. சோதனை, கள ஆய்வு, வரலாற்று இடங்கள் ஆகியவற்றுக்கு ஏஐ படம் ஏற்கப்படாது. நேரில் எடுத்த போட்டோ அல்லது பாடநூல் படத்தைப் பார்த்து வரைந்தது போதும்.

3. கதை அட்டை, சுவரொட்டி போன்ற அலங்காரத்துக்கு ஏஐ படம் ஒட்டலாம். படத்தின் கீழே பிள்ளை தன் கையெழுத்தில் இப்படி எழுத வேண்டும்: "இது ஏஐ படம். செயலி: ஜெமினி. கேட்டது: மழையில் நனையும் மயில். கண்ட பிழை: மயிலின் கால் மூன்றாக இருந்தது, மாற்றினேன்."

4. மாணவர், ஆசிரியர், உறவினர் என்று யாருடைய போட்டோவையும் ஏஐயில் ஏற்றக் கூடாது. இதற்கு விதிவிலக்கு இல்லை. இப்படி ஒரு படம் உங்கள் கண்ணில் பட்டால் யாருக்கும் அனுப்பாமல் என்னிடம் நேரில் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, இணையக் குற்றப் புகார் எண் 1930.

5. பிள்ளையின் பெயரில் கணக்கு தொடங்க வேண்டாம். உங்கள் போனில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பயன்படுத்தட்டும்.

6. ஏஐ படத்துக்கோ கலர் பிரிண்டுக்கோ தனி மதிப்பெண் கிடையாது. போன் இல்லாத பிள்ளைக்கு எந்தக் குறையும் வராது.

விதி 1 முதல் 3 வரை மீறப்பட்டால் பிள்ளையைத் திட்ட மாட்டோம். ஆசிரியர் கேள்வி கேட்டுப் பார்ப்பார், தேவைப்பட்டால் வகுப்பிலேயே மறுபடி செய்யச் சொல்வார். விதி 4 மீறப்பட்டால் உங்களை நேரில் அழைத்துப் பேசுவேன்.

சந்தேகம் இருந்தால் வகுப்பாசிரியரைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை

(வெட்டித் தர வேண்டிய பகுதி) விதிகளைப் படித்தேன் / படிக்கக் கேட்டேன். மாணவர் பெயர், வகுப்பு, பெற்றோர் கையொப்பம் அல்லது கைநாட்டு.

அனுப்பும்போது

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் மட்டும் போதாது, அச்சிட்ட தாளும் கையில் போக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்காக நீங்களே வாசித்து ஒரு குரல் பதிவும் போடுங்கள். கூடவே ஒரு பிரதியைப் பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கொடுங்கள். "அண்ணா, இந்தப் படம் போட்டுக் கொடுங்க" என்று பிள்ளைகள் முதலில் போய் நிற்பது அவரிடம்தான். முதல் விதியை அவர் தெரிந்து வைத்திருந்தால் பாதிப் படங்கள் அங்கேயே நின்றுவிடும். அடுத்த பருவம் தொடங்கும்போது ஒப்படைப்புப் பட்டியல் மாறும், அப்போது விதி 2இல் உள்ள உதாரணங்களையும் மாற்றிக்கொள்ளுங்கள்.